நாற்பத்தேழு நிமிடம் இருபது வினாடி

கலகெதரையில் ஒரு சோத்துக் கடைக்குள் சுவர் வெடித்த பதினேழு வீடுகளைக் கொண்டுபோய் வைத்த பெருமை எனக்கு உண்டு. கடையில் மொத்தமே ஆறு மேசைதான். அதற்குள் பதினேழு வீட்டுச் சுவர்களையும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையெழுத்தும் வைத்து, சரி பார்த்தாயிற்று என்று எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து கடை முதலாளி போனில் சிங்களத்தில் கேட்டார்: "மிஸ், என் கடை இடியப் போகுதாமே, சோறு ஆக்கலாமா, வேண்டாமா?"

அப்போது நான் கண்டியில் ஒரு சின்ன நில அளவை அலுவலகத்தில் வேலை செய்தேன். மாடிப்படி ஏறினால் ஒரு அறை, நான்கு கதிரை, இரண்டு கணினி, பூட்டு சரியாக விழாத ஒரு அலுமாரி. அலுவலகத்தை நடத்திய எங்கள் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியலாளர். என் குடும்பம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் ஒட்டிக்கொண்ட குடும்பம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சேர் அதைத் தன்னம்பிக்கை என்று நினைத்துத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

அந்த வருடம் பெய்த மழையில் கலகெதரைப் பக்கம் ஒரு மலைச்சரிவில் வீடுகளின் சுவர்கள் வெடித்திருந்தன. எது உண்மையில் ஆபத்து, எது பழைய காரை உதிர்ந்தது என்று பார்க்க மண்சரிவு தெரிந்தவர்கள் வர வேண்டும். அவர்கள் சில பேர், வீடுகளோ நூற்றுக்கணக்கு. அதனால் முதலில் நாங்கள் போய் ஒவ்வொரு வெடிப்பையும் படம் எடுத்து, அது எந்த இடம் என்று வரைபடத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். மோசமான வெடிப்புள்ள வீட்டுக்கு அவர்கள் முதலில் வருவார்கள். எல்லாம் அடுத்த மழைக்கு முன் முடிய வேண்டும்.

இடம் குறிப்பதற்குச் சேர் அச்சடித்த படிவம் வைத்திருந்தார். வீட்டு இலக்கம், வீட்டுக்காரர் பெயர், பக்கத்து வீடு என்று இருபது கட்டம். நான் அதைத் தூக்கி அலுமாரிக்குள் போட்டேன்.

"சேர், இந்தக் காலத்துல யாரு இத நிரப்புறது? ஜி.பி.எஸ்ஸ நான் தோள்ல மாட்டிக்கிட்டு நடக்குறேன். படத்துல நேரம் இருக்கு, ஜி.பி.எஸ்லயும் நேரம் இருக்கு. ரெண்டையும் பொருத்தினா இடம் தானா வந்துரும். நேரம் பொய் சொல்லாது சேர்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை தடவை நினைத்துக் கூசியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

முறை என்னவோ நல்ல முறைதான். கைக்கு அடக்கமான அந்தக் கருவி ஐந்து வினாடிக்கு ஒரு தடவை நான் நிற்கிற இடத்தையும் நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வரும். நாள் முடிவில் பார்த்தால் நான் நடந்த வழி முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். கமராவுக்கு இடம் தெரியாது, ஆனால் ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நேரத்தை எழுதிவைக்கும். கணினியில் உள்ள மென்பொருள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். படம் பத்து மணி ஏழாவது வினாடியில் எடுத்தது என்றால், ஐந்தாவது வினாடிப் புள்ளிக்கும் பத்தாவது வினாடிப் புள்ளிக்கும் நடுவில் கணக்குப் பார்த்து, இன்ன இடம் என்று படத்துக்குள்ளேயே எழுதிவிடும்.

ஒரு சங்கடம், கருவி எழுதுவது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அதை மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் காலையில் எடுத்த படமெல்லாம் மாலையில் நின்ற இடத்தில் போய் விழும். இன்னொன்று, கமரா கடிகாரம் கொஞ்சம் முன்பின் ஓடும். அதற்கும் வழி உண்டு. காலையில் வேலை தொடங்கும்போது ஜி.பி.எஸ் திரையில் ஓடுகிற மணியை அந்தக் கமராவாலேயே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். திரையில் ஒரு நேரம், படத்தில் பதிந்தது ஒரு நேரம். அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்தால் போதும். இதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. படம் எடுக்கும் வேலையின் கடைசி நாளும் காலை ஏழரைக்கு எடுத்தேன். கமரா பன்னிரண்டு வினாடி முன்னால் ஓடியது.

கமரா எங்களுடையது அல்ல. அலுவலகக் கமராவின் லென்சில் பூஞ்சை பிடித்திருந்ததால், கட்டுகஸ்தோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு நானாவைக் கமராவோடு சேர்த்துப் பேசி எடுத்தோம். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஐம்பது வயது, மெதுவான பேச்சு, எதற்கும் பதற்றமில்லாத மனிதர். கல்யாண வீடுகளில் பேர் பெற்றவர். வெடித்த சுவரைக்கூட மணப்பெண்ணைப் போல இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று பார்த்துத்தான் எடுப்பார். வெடிப்பின் அகலம் தெரிய அளவுகோல் வையுங்கள் என்றால், தன் கையை உள்ளே விட்டுக் காட்டி மற்றக் கையால் எடுப்பார்.

அந்தக் கடைசி நாள் பத்து மணிக்கு நானா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மிஸ், ஒரு சின்ன வேல ஈக்குது கட்டுகஸ்தோட்டையில. போய்ட்டு ஒண்டரைக்கெல்லாம் வந்துருவேன்."

"கமராவ வச்சிட்டுப் போங்க நானா."

"கமராக்குத்தான் மிஸ் வேல."

மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். நான் என்ன செய்வது? குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்துவிட்டு, அந்தச் சோத்துக் கடையில் வாசல் பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்றேமுக்கால் வரை அங்கேயே இருந்தேன். ஜி.பி.எஸ்ஸை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடக்க மறந்துவிடுவேன் என்ற பயம். அது பாட்டுக்கு, இவள் சோத்துக் கடையில் இருக்கிறாள், இவள் சோத்துக் கடையில் இருக்கிறாள் என்று ஐந்து வினாடிக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டிருந்தது.

நானா வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னஞ்சிறு பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். உள்ளே கல்யாணக் கேக். எனக்குக் கல்யாணக் கேக் என்றால் உயிர். கேள்வியே கேட்காமல் வாயில் போட்டேன். அது இலஞ்சம் என்றோ, தடயம் என்றோ எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மணிக்கு மலைப்பாதையில் ஏறினோம். நாலு மணிக்கு மேல் தூறல் பிடித்தது. கடைசி முக்கால் மணித்தியாலம் குடையும் கையுமாக ஓட்டமும் நடையுமாகத்தான் வேலை. அந்த நேரத்தில் எது எந்த வீடு என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. பாதிப் பேர் வீட்டில் இல்லை. பின்பக்க ஒற்றையடிப் பாதையால் போய்ச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் கணினியில் பொருத்தினேன். எல்லாம் பச்சைப் புள்ளியாக வந்து உட்கார்ந்தன. பிற்பகல் பாதையின் மேல் முனையில் மட்டும் ஒரு புள்ளியும் இல்லை. மேலே உள்ள வீடுகள் பலமானவை போல என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். இப்படியும் ஒரு புத்தி.

கடை முதலாளியின் போன் வந்த அதே நாளில் சேருக்கும் ஒரு போன் வந்தது. எங்கள் பட்டியலில் முதலாவதாக இருந்தது நாங்கள் 'கை போன படம்' என்று சொல்லுகிற படம். நானாவின் கை மணிக்கட்டு வரை சுவருக்குள் போயிருக்கும். அதைவிட மோசமான வெடிப்பு எங்கள் நானூறு படத்தில் இல்லை. மண்சரிவு ஆய்வுக்காரர்கள் அந்தப் புள்ளியைத் தேடிப் போனால், வாசலில் இரண்டு சிங்கம் வைத்துக் கட்டிய ஒரு புதுவீடு. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவருடையது. அவர் அவர்களை வீட்டைச் சுற்றி மூன்று முறை நடக்கவிட்டு, "எங்கே வெடிப்பு, காட்டுங்கள்" என்று பரீட்சை வைத்தாராம். காட்ட முடியாமல் அவர்கள் மலையிறங்கி வந்து சேருக்கு ஏசினார்கள்.

சேர் கத்த மாட்டார். அதுதான் பெரிய தண்டனை.

"நீர்தானே சொன்னீர், படிவம் ஒண்டும் தேவையில்லை எண்டு?"

"ஓம் சேர்" என்றேன். எனக்கே யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிட்டது.

"அப்ப இந்தக் கை எங்க போனது? அந்தச் சுவருக்குப் பக்கத்தில ஆரோ படுத்து எழும்பீனம், பிள்ளை. மழைக்கு முன்னம் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கோணும்."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பொருந்தாத ஒரு புள்ளி என்று நான் நினைத்தது ஒரு வீடு. எங்கேயோ ஒரு வீட்டில் கை போகிற அளவுக்குச் சுவர் பிளந்திருக்கிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வரவேண்டியவர்கள் சிங்கம் வைத்த வீட்டைச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

முதலில் நான் எல்லார் மேலும் பழி போட்டேன். மரம், மலை, மழை மேகம், செயற்கைக்கோள். காலைப் படங்கள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. பிற்பகல் படங்கள் மட்டும் பிழை. பதினேழு வீடு சோத்துக் கடையில், மற்றவை எல்லாம் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே. நான் மதியம் சோறு சாப்பிட்ட நேரத்தைப் படங்கள் எப்படித் தெரிந்துகொண்டன? அப்போதுதான் சந்தேகம் வந்தது. கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

நானா ஸ்டூடியோவில் ஒரு குழந்தையின் பாஸ்போட் படத்துக்குக் கணினியில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, அன்னிக்கு மத்தியானம் கமராவ என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்லையே மிஸ்."

"கேக் எங்கேருந்து வந்துச்சு?"

நானா கணினியை விட்டு எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு தொழில் இரகசியத்தைச் சொன்னார்.

சிங்களக் கல்யாணத்தில் மணவறை ஏறுவதற்குச் சோதிடர் நேரம் குறித்துக் கொடுப்பார். அன்றைக்குப் பதினொன்று முப்பத்தெட்டு. ஆனால் பெண்ணுக்கு அலங்காரம் முடியவில்லை, மாப்பிள்ளை வீட்டு வாகனம் பாலத்தில் மாட்டிக்கொண்டது. நேரம் தாண்டிவிட்டது. பெண்ணின் அம்மா அழத் தொடங்கிவிட்டார். நானாவின் அல்பத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எடுத்த நேரம் அச்சாகும். அதுதான் அவருடைய ஸ்டூடியோவின் விசேடம். அதற்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

"அல்பத்தில நேரம் பிழைச்சா வாழ்நாள் முழுக்க அந்தத் தாய் அதையே பாத்துக்கிட்டு ஈப்பா மிஸ். பொண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், அண்டைக்கு நேரம் தப்பிச்சே எண்டுதான் நெனைப்பா. அதான், அவங்க மணவறையில ஏறக்குள்ள நான் கமராவ பதினொண்டு முப்பத்தேழுக்குத் திருப்பின. அவ வந்து பாத்தா. சிரிச்சா."

"எல்லாக் கல்யாணத்துலயும் இப்பிடியா?"

"நேரத்துக்கு ஏறுற கல்யாணத்தில எதுக்கு மிஸ்?" என்றார். யோசித்துவிட்டு, "அது கொறவுதான்" என்றார்.

எனக்குக் காது சிவந்துவிட்டது. நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ஒரு ஊரையே நகர்த்திவிட்டீர்களே என்றுகூடக் கத்தினேன். நானா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. போதாததற்கு, என்னுடைய பிழை எனக்கே தெரிந்தது. கமரா கையைவிட்டுப் போய் வந்தால் மணியை மறுபடியும் படம் எடுத்திருக்க வேண்டும். நான் கேக் சாப்பிட்டேன்.

"சரி, எவ்வளவு திருப்புனீங்க? கமராவுல இப்பவும் அந்த நேரம்தான் இருக்கா?"

"இல்ல மிஸ், அண்டைக்கு வீட்ட போய்ச் சரியாக்கிட்டேன். அதுக்குப் பொறகு மூணு கல்யாணம் வேற."

"எத்தனை நிமிஷம்?"

"நாப்பதும் ஈக்கும். அம்பத்தஞ்சும் ஈக்கும்."

பதினைந்து நிமிடம் என்றால் அந்த மலைப்பாதையில் எட்டு வீடு. துல்லியமாகத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழிதான் இருந்தது. பிற்பகல் படங்களில் ஏதாவது ஒன்றை எடுத்த இடம் நிச்சயமாகத் தெரிந்தால், நான் அந்த இடத்தில் எத்தனை மணிக்கு நின்றேன் என்று ஜி.பி.எஸ்ஸின் தடக் கோப்பில் பார்க்கலாம். அதிலிருந்து படத்தில் உள்ள நேரத்தைக் கழித்தால் நானா திருப்பிய அளவு வந்துவிடும்.

மறுநாள் படங்களை அச்சடித்துக்கொண்டு நானும் நானாவும் மலை ஏறினோம். இந்த வெடிப்பு யாருடையது என்று வீடு வீடாகக் கேட்பது திட்டம். நல்ல திட்டம்தான், ஆனால் நான் கை போன படத்தை மேலே வைத்துவிட்டேன்.

"இது நம்மடது" என்றார் முதல் வீட்டுக்காரர்.

"எங்க, காட்டுங்க."

காட்டினார். தலைமயிர் அகலத்துக்கு ஒரு கோடு. "அன்னிக்கு இதவிடப் பெருசா இருந்துச்சு மிஸ். வெயில்ல சுருங்கிருச்சு."

இரண்டாவது வீட்டிலும் அது அவர்களுடையதுதான். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் படத்தில் இருந்த கையையே தன் கை என்றார். நானா பக்கத்தில் நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டார். மோசமான வெடிப்புக்காரர் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. ஒரு மணித்தியாலத்தில் அந்த ஒரு வெடிப்புக்கு ஒன்பது சொந்தக்காரர்கள். இரண்டு பெண்கள் அதற்காகச் சண்டையே பிடித்தார்கள். உன் சுவரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று ஒருத்தி மற்றவளின் சுவரை அவமானப்படுத்தினாள்.

பாதையின் மேல் முனையில் கடைசி வீட்டில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை மடியெல்லாம் குவிந்திருந்தது. படத்தை நீட்டினேன். அவள் மெசினை நிறுத்தாமல் பார்த்தாள்.

"இல்லீங்கக்கா, இது எங்க வீடு இல்ல."

ஒன்பது பேருக்குப் பிறகு இல்லை என்று சொன்ன ஒரே ஆள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இறங்கி வரும்போது பாதி வழியில் பொதுக் குளியல் கிணறு ஒன்று. கிணற்றுக் கட்டுச் சுவரில் ஒரு கீறல், அதைச் சுற்றி நீலச் சாயத்தில் யாரோ கிறுக்கியிருந்தார்கள். நானா அப்படியே நின்றுவிட்டார். அவர் அன்று அதையும் எடுத்திருந்தார், நீலக் கிறுக்கலோடு. படக் கட்டில் தேடினோம், இருந்தது. யாரும் சொந்தம் கொண்டாடாத வெடிப்பு அந்த மலையிலேயே அது ஒன்றுதான். கிணற்றுக்கு யார் முதலில் வந்தால் என்ன?

கட்டின்மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். தடக் கோப்பின்படி அன்று நான் இந்தக் கிணற்றடியில் இரண்டு தடவை இருந்திருக்கிறேன். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. இறங்கும்போது என்று வைத்தால் நானா மூன்று மணித்தியாலத்துக்கு மேல் திருப்பியிருக்க வேண்டும். அந்தளவுக்கு எந்தக் கல்யாணமும் பிந்தாது என்று நானா சத்தியம் செய்தார். ஏறும்போது நான் நின்ற நேரம் இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம் முப்பத்தைந்து வினாடி. படத்தில் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் பதினைந்து வினாடி. கழித்தால் நாற்பத்தேழு நிமிடம் இருபது வினாடி. வழியில் எடுத்த ஒரு மதகின் படத்தையும் வைத்துச் சரி பார்த்தேன். இரண்டு வினாடிதான் வித்தியாசம்.

பிற்பகல் படங்களை மட்டும் தெரிந்தெடுத்து அந்த எண்ணை மென்பொருளில் கொடுத்தேன். சோத்துக் கடை காலியானது. பதினேழு வீடும் எழுந்து மலைப்பாதைக்குப் போயின. சிங்கம் வைத்த வீடு விடுதலையானது. வெறுமையாக இருந்த மேல் முனையில் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. நானா "மாஷா அல்லாஹ்" என்றார். நான் அவரை மன்னித்துவிட்டேன், கொஞ்சம்.

கை போன படம் மூன்று ஐம்பத்து மூன்று நாற்பதில் எடுத்ததாக எழுதியிருந்தது. இப்போது அது நாலு நாற்பத்தொன்று. அந்த நேரத்தில் நான் நின்றிருந்தது பாதையின் கடைசி வீட்டுக்குப் பின்னால்.

திரும்ப ஏறினோம். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். சுவர் முழுக்க விறகு அடுக்கியிருந்தது. அப்படி அழகாக விறகு அடுக்கி நான் எங்கேயும் பார்த்ததில்லை. நாலு கட்டையை எடுத்தேன். நானா கையை உள்ளே விட்டார். இந்தத் தடவை முழங்கை வரை போனது.

அவள் வாசலைச் சுற்றி வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"பட்டியல்ல போட்டா வீட்ட விட்டு எழும்பச் சொல்லுவாங்கக்கா. கீழப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தைச்சுத்தான் நாங்க சாப்புடுறோம். அவரு கொழும்புல லொறியில. ரெண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டு நான் எங்க போறது?"

"போக வேற இடமே இல்லயா?"

"தெல்தெனியாவுல எங்கக்கா இருக்காங்க. அங்க என்னைய யாருக்குத் தெரியும்? யாரு தைக்கக் குடுப்பாங்க?"

நான் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தேன். அவள் நானாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கமரா திருப்பிய கதை அதற்குள் மலை முழுக்கப் பரவியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நானாவேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இவரு ஒரு கல்யாணத்துக்காக முக்கா மணித்தியாலம் மாத்தியிருக்காரு. எனக்கு ஒரு ரெண்டு நிமிஷம் மாத்துங்க. கீழ ஒரு பாழடஞ்ச வீடு இருக்குல்ல, அதுக்குப் போயிரும். அங்க யாருமே இல்ல. யாருக்கும் நட்டமில்ல."

சரியாகத்தான் சொன்னாள். நான் மனதுக்குள் கணக்கே போட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் பத்து வினாடி குறைத்தால் அந்தப் படம் பாழ்வீட்டில் போய் உட்காரும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் தனியாகக் கொடுக்கலாம். சேருக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. பெண்ணின் அம்மா சிரித்ததைப் போல இவளும் சிரிப்பாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, சுவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. "விறக அடுக்கிட்டா சுவரு நிக்குமா? பிள்ளைக இதுக்குப் பக்கத்துலதானே படுக்குது? ஒனக்கு அறிவிருக்கா?" என்று அவள் வீட்டிலேயே நின்று அவளைப் பார்த்துக் கத்தினேன். வீடு இழக்கப் போகிறவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவள் அழவில்லை. விறகுக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அடுக்கத் தொடங்கினாள். நானா குனிந்து அவளுக்குக் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலையே திருத்திய பட்டியலைச் சேரிடம் கொடுத்தேன். நாற்பத்தேழு நிமிடம் இருபது வினாடி, எல்லாப் படத்துக்கும் ஒரே கணக்கு. சேர் வாங்கிப் பார்த்துவிட்டு "இனி அந்தப் படிவத்தையும் நிரப்பும்" என்று மட்டும் சொன்னார். ஆய்வுக்காரர்கள் மூன்றாம் நாள் போனார்கள். வீட்டில் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் மெசினையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தெல்தெனியாவுக்குப் போனாள். வாகனம் பிடித்துக் கொடுத்தது நானா. நான் அவளுக்குப் போன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன், எடுக்கவில்லை. கெடுத்துவிட்டேனோ என்று அந்த நாட்களில் நினைக்காத நேரமில்லை. எனக்குச் சரியாகத் தூக்கம்கூட இல்லை.

மழை ஒரு பிற்பகலில் பிடித்து மறுநாள் காலை வரை விடவில்லை. விடிந்ததும் கிராம சேவகர் சேருக்குப் போன் செய்து, மேல்முனை வீட்டின் பின்சுவர் விறகோடு சேர்ந்து உள்பக்கம் விழுந்துவிட்டது என்றார். படுக்கிற அறை நிறைய மண். ஆள் யாரும் இல்லை.

பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. அவள்தான். எடுத்ததும் ஏசத் தொடங்கினாள். தெல்தெனியாவில் கரண்ட் ஒழுங்காக வருவதில்லையாம். அக்கா வீட்டில் மெசின் வைக்க இடமில்லையாம். வெள்ளைச் சீருடைத் துணி வாங்கவும் கண்டிக்கே வர வேண்டியிருக்கிறதாம். புதுப் பள்ளிக்கூடத்தில் பெரியவனை யாரோ அடித்துவிட்டார்களாம். எல்லாம் என்னாலேதானாம். "கேக்குதாக்கா? கேக்குதா?" என்று நடுவில் இரண்டு தடவை கேட்டாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் இரண்டும் எதற்கோ அடித்துக்கொண்டு கத்துவதும் கேட்டது.

"கேக்குது. சொல்லு" என்றேன். சேர் என் கண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். அவள் ஏசி முடிக்கும் வரை நான் போனை வைக்கவில்லை.